100 ரூபாய்த் தேவை 200 ரூபாய் உற்பத்தியாவது எப்படி?

*ஒரு துறையின் பொருளுக்கு 100 ரூபாய் தேவை கூடினால் நாட்டின் மொத்த உற்பத்தி 200 ரூபாய்க்கு மேல் கூடும் என்று படித்தேன். உள்ளீடு–வெளியீடு அட்டவணையிலிருந்து அந்த எண்ணை எப்படி எடுக்கிறார்கள்? அந்தக் கூடுதல் நூறு ரூபாய் யாருடைய கைக்காவது போகிறதா?*

இரண்டாவது கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன்: போவதில்லை. இறக்குமதியும் வரியும் இல்லாத ஒரு பொருளாதாரத்தில் 100 ரூபாய் இறுதித் தேவையால் பிறக்கும் வருமானம் சரியாக 100 ரூபாய்தான். 200ஐத் தாண்டி நிற்கும் அந்த எண், கடைசிப் பொருள் உருவாகி விற்பனையாகும் வரை எல்லாத் துறைகளும் செய்த எல்லா விற்பனைகளின் கூட்டுத்தொகை. நெல்லின் விலை அரிசியின் விலைக்குள்ளும், அரிசியின் விலை இட்லியின் விலைக்குள்ளும் மறுபடி மறுபடி எண்ணப்படுவதைப் போன்றது அது. ஒரு ரூபாய்த் தேவைக்கு எத்தனை ரூபாய் உற்பத்தி என்று சொல்லும் உற்பத்திப் பெருக்கியைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருபவை. ஆகவே கணக்கைக் கடைசிவரை போட்டே காட்டுகிறேன்.

அதற்கு நானாக ஓர் அட்டவணையை உருவாக்க வேண்டியதில்லை. இந்த முறையை உருவாக்கிய வாசிலி லியோன்டிஃப் தம் விளக்கங்களில் பயன்படுத்திய இரண்டு துறை அட்டவணையே போதும். ரஷ்யாவில் வளர்ந்து அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1936இல் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கான முதல் அட்டவணையை வெளியிட்டார். இந்தப் பணிக்காகவே 1973இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய சிறிய எடுத்துக்காட்டில் வேளாண்மை 100 புஷல் கோதுமையும், ஆலைத்தொழில் 50 கெஜம் துணியும் உற்பத்தி செய்கின்றன. கோதுமை புஷலுக்கு 2 டாலர், துணி கெஜத்துக்கு 5 டாலர், ஓர் ஆள் ஓராண்டு உழைப்பதற்கு 1 டாலர் என்று விலை வைத்தால் அட்டவணை இப்படி அமைகிறது:

| விற்பவர் ↓ வாங்குபவர் → | வேளாண்மை | ஆலைத்தொழில் | குடும்பங்கள் | மொத்தம் |
|---|---|---|---|---|
| வேளாண்மை | 50 | 40 | 110 | 200 |
| ஆலைத்தொழில் | 70 | 30 | 150 | 250 |
| குடும்பங்கள் (உழைப்பு) | 80 | 180 | 40 | 300 |
| மொத்தம் | 200 | 250 | 300 | |

இதைப் படிக்கும் முறை எளிது. இடமிருந்து வலமாக, நிரையில் படித்தால், ஒரு துறையின் பொருள் எங்கெங்கே விற்பனையாகிறது என்று தெரியும். வேளாண்மையின் 200 டாலர் உற்பத்தியில் 50 டாலர் விதையாகவும் தீவனமாகவும் வேளாண்மைக்கே திரும்புகிறது, 40 டாலர் ஆலைகளுக்குப் போகிறது, 110 டாலர் குடும்பங்களின் சாப்பாட்டுக்குப் போகிறது. மேலிருந்து கீழாக, நிரலில் படித்தால், அதே துறை தன் உற்பத்திக்காக யாரிடம் எவ்வளவு வாங்குகிறது என்று தெரியும். வேளாண்மை தன்னிடமிருந்தே 50, ஆலையிடமிருந்து 70, குடும்பங்களிடமிருந்து உழைப்பாக 80 என வாங்குகிறது; கூட்டினால் மறுபடி 200. ஒவ்வொரு துறைக்கும் நிரையின் மொத்தமும் நிரலின் மொத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் எங்கோ ஒரு விற்பனை ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது என்று பொருள். மூன்றாம் நிரையில் உள்ள 40 டாலர், வீட்டு வேலைக்கு ஆள் வைப்பதைப் போலக் குடும்பங்கள் நேரடியாக வாங்கும் உழைப்பு; அது மற்ற இரு துறைகளையும் தொடாததால் இனி அதை ஒதுக்கி வைக்கலாம்.

அடுத்த படி, ஒவ்வொரு நிரலையும் அதன் மொத்தத்தால் வகுப்பது. ஒரு டாலர் வேளாண் உற்பத்திக்கு 0.25 டாலர் வேளாண் பொருளும், 0.35 டாலர் ஆலைப் பொருளும், 0.40 டாலர் உழைப்பும் தேவைப்படுகின்றன. ஒரு டாலர் ஆலை உற்பத்திக்கு முறையே 0.16, 0.12, 0.72. தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்பு வணிகக் கணிதத்தில் தொழில்நுட்ப அணி என்று வருவது இதுதான். உழைப்பை விட்டுவிட்டு, மேலே உள்ள நான்கு எண்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சமையல் குறிப்பைப் போல, எந்தப் பொருளுக்கு எவ்வளவு சேர வேண்டும் என்பதை நிலையாகச் சொல்வது அது. அந்த நிலைத்தன்மையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, குடும்பங்களோ வெளிநாட்டாரோ 100 டாலருக்குக் கூடுதலாகக் கோதுமை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேளாண்மை 100 டாலர் கூடுதலாக விளைவிக்க வேண்டும். அதற்கு அது உழைப்புக்கு 40 டாலர் கொடுக்கிறது. மீதி 60 டாலருக்குப் பொருள் வாங்குகிறது. அந்த 60இல் 25 வேளாண்மையிடமே, 35 ஆலையிடம். ஆகவே முதல் சுற்றில் இவ்விரு துறைகளும் இன்னொரு 60 டாலருக்கு உற்பத்தி செய்தாக வேண்டும். அந்த 60 டாலர் உற்பத்தி வானத்திலிருந்து விழாது. அதற்கும் உள்ளீடு வேண்டும். 25 டாலர் வேளாண் உற்பத்தி 10 டாலர் உழைப்பையும், 35 டாலர் ஆலை உற்பத்தி 25.20 டாலர் உழைப்பையும் எடுத்துக்கொள்கின்றன. ஆக 60இல் 35.20 உழைப்பாளிகளின் கைக்குப் போகிறது, 24.80 மறுபடியும் பொருள் வாங்கப் போகிறது. இரண்டாம் சுற்றில் அந்த 24.80 டாலரில் 14.06 உழைப்புக்கும் 10.74 பொருளுக்கும் பிரிகிறது. மூன்றாம் சுற்றின் 10.74 டாலரில் 6.12 உழைப்புக்கு, 4.62 பொருளுக்கு. ஒவ்வொரு சுற்றிலும் தொகை முந்தையதில் ஏறத்தாழ நாற்பத்து மூன்று விழுக்காடாகச் சுருங்கிக்கொண்டே வருகிறது.

இங்கே சற்று நின்று பாருங்கள். இதில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாச் சுற்றுகளின் உற்பத்தியையும் கூட்டினால் 100 + 60 + 24.80 + 10.74 + 4.62 என்று நான்கு சுற்றுகளுக்குள் 200ஐத் தாண்டி, முடிவில் 203.64இல் நிற்கிறது. அதே சுற்றுகளில் உழைப்புக்குப் போனதை மட்டும் கூட்டினால் 40 + 35.20 + 14.06 + 6.12 என்று 95.38 வரை வந்து, முடிவில் சரியாக 100இல் நிற்கிறது. இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு கணக்குகள். ஒவ்வொரு சுற்றிலும் பணம் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு வருமானமாகி நின்றுவிடுகிறது, மறு பங்கு அடுத்த துறையின் விற்பனையாக நகர்கிறது. நகரும் பங்கும் அடுத்தடுத்த சுற்றுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வருமானமாகி, முதலில் வந்த 100 டாலரும் கடைசியில் முழுவதுமாகக் கரைந்துவிடுகிறது. நகரும்போது அது எத்தனை முறை விற்பனைச் சீட்டாக எழுதப்பட்டது என்பதைத்தான் 2.04 என்ற உற்பத்திப் பெருக்கி சொல்கிறது.

சுற்றுச் சுற்றாகக் கூட்டாமல் ஒரே அடியாக விடை காண்பதற்குத்தான் நேர்மாறு அணி. மொத்த உற்பத்தி என்பது துறைகளுக்கிடையே போவதும் இறுதித் தேவைக்குப் போவதும் சேர்ந்தது என்ற சமன்பாட்டை மாற்றி எழுதினால் இது வரும்:

```
x = A·x + f
x = (I − A)⁻¹ · f
```

இதில் `x` மொத்த உற்பத்தி, `A` தொழில்நுட்ப அணி, `f` இறுதித் தேவை, `I` அலகு அணி. நம் எடுத்துக்காட்டில் `I − A` அணியின் அணிக்கோவை 0.75 × 0.88 − 0.16 × 0.35 = 0.604. அது நேர் எண்ணாக இருப்பதும், 0.75 என்ற மூலைவிட்ட எண் நேராக இருப்பதும்தான் பாடத்தில் வரும் ஹாக்கின்ஸ்–சைமன் நிபந்தனை. தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் அந்த நிபந்தனைக்கு நடைமுறைப் பொருள் ஒன்று உண்டு: ஒரு டாலர் கோதுமை விளைவிக்க, நேராகவும் சுற்றுவழியாகவும் சேர்த்து, ஒரு டாலருக்கும் மேலான கோதுமை செலவாகிவிடக் கூடாது. நேர்மாறு அணி இப்படி வருகிறது:

```
             வேளாண்மை   ஆலைத்தொழில்
வேளாண்மை      1.457       0.265
ஆலைத்தொழில்   0.579       1.242
கூட்டுத்தொகை   2.036       1.507
```

முதல் நிரலைப் பாருங்கள். கோதுமைக்கு 100 டாலர் தேவை கூடினால் வேளாண் உற்பத்தி 145.70 டாலரும், ஆலை உற்பத்தி 57.95 டாலரும் கூடும். சேர்த்தால் நாம் சுற்றுகளில் கண்ட அதே 203.64 (கடைசி இலக்கத்து வேறுபாடு முழுமையாக்கியதால் வந்தது). துணிக்கு அதே 100 டாலர் தேவை கூடினால் மொத்த உற்பத்தி 150.66 மட்டுமே கூடும். விரிதாளில் செய்ய விரும்பினால் `MINVERSE`, `MMULT` என்ற இரண்டு சார்புகளே போதும். 130 துறை அட்டவணைக்கும் அதே வழிதான்.

கணக்கு சரியா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அட்டவணை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் நான் மேலே போவதில்லை. பழைய இறுதித் தேவையான 110, 150 ஆகியவற்றை நேர்மாறு அணியால் பெருக்கினால் 200, 250 என்ற பழைய மொத்த உற்பத்தி திரும்பி வர வேண்டும். வராவிட்டால் வகுத்ததிலோ நிரல்களை அடுக்கியதிலோ தவறு இருக்கிறது. இரண்டாவது சோதனை, மேலே சொன்ன வருமானச் சோதனை: 145.70 × 0.40 + 57.95 × 0.72 என்பது 100 ஆக வேண்டும், ஆகிறது.

இந்த இரண்டு சோதனைகளும் கண்டுபிடிக்காத ஒரு பிழையும் இருக்கிறது. நிரை, நிரல் என்ற சொற்கள் ஓசையில் நெருங்கியவை. மாணவர்கள் பலர் நிரல்வாரியாகக் கூட்ட வேண்டியதை நிரைவாரியாகக் கூட்டிவிடுகிறார்கள். நம் அட்டவணையில் நிரைகளைக் கூட்டினால் வேளாண்மைக்கு 1.72, ஆலைத்தொழிலுக்கு 1.82 என்று வரும். அதாவது பெருக்கி எந்தத் துறைக்குப் பெரியது என்ற வரிசையே தலைகீழாகிவிடும். நிரைக் கூட்டுத்தொகைக்கும் ஒரு பொருள் உண்டு, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை: எல்லாத் துறைகளின் இறுதித் தேவையும் ஒவ்வொரு டாலர் கூடினால் இந்தத் துறை எவ்வளவு கூடுதலாக உற்பத்தி செய்ய வேண்டும் என்பது. ஒரு துறை மற்றவர்களை எவ்வளவு இழுக்கிறது என்பதை நிரலும், மற்றவர்களால் அது எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பதை நிரையும் சொல்கின்றன.

வேளாண்மையின் பெருக்கி ஏன் பெரியது? அது ஒவ்வொரு டாலர் உற்பத்தியிலும் 60 காசைப் பொருள்களுக்காகச் செலவிடுகிறது. ஆலைத்தொழில் 28 காசையே செலவிடுகிறது. பொருளுக்கு அதிகமாகச் செலவிட்டு உழைப்புக்குக் குறைவாகக் கொடுக்கும் துறைக்கே பெருக்கி பெரிதாக வரும். ஆகவே "பெருக்கி பெரிய துறையில் முதலீடு செய்தால் நாட்டுக்கு வருமானம் அதிகம்" என்று இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டுவது தவறு. இறக்குமதியும் வரியும் இல்லாத இந்த அட்டவணையில் கோதுமையானாலும் துணியானாலும் 100 டாலர் தேவை 100 டாலர் வருமானத்தையே தருகிறது. ஒரு திட்ட அறிக்கையில் பெருக்கியால் வந்த முழுத் தொகையையும் "மாநிலப் பொருளாதாரத்துக்குச் சேரும் பயன்" என்று எழுதி, அதைத் திட்டச் செலவோடு ஒப்பிட்டு, ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் பலன் என்று காட்டியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கணக்கில் பிழையில்லை. பலன் என்று அவர் பெயரிட்டதுதான் பிழை, அந்தப் பெயரை நம்பித்தான் மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

துறைகளுக்கிடையே வருமானத்தில் உண்மையான வேறுபாடு எங்கே வருகிறது என்றால், இறக்குமதியில். வேளாண்மை ஆலையிடம் வாங்கும் பொருளில் பாதி வெளிநாட்டிலிருந்து வருகிறது என்று நம் அட்டவணையை மாற்றிப் பார்க்கலாம். 0.35 என்ற எண்ணில் 0.175 மட்டுமே உள்நாட்டு ஆலைக்குப் போகும். மறுபடி நேர்மாறு கண்டால், கோதுமைக்கு 100 டாலர் தேவை கூடும்போது வேளாண் உற்பத்தி 139.24 டாலரும் ஆலை உற்பத்தி 27.69 டாலரும் கூடுகின்றன, பெருக்கி 2.04இலிருந்து 1.67க்கு இறங்குகிறது. அதைவிட முக்கியம், உள்நாட்டு உழைப்புக்குச் சேருவது 100 அன்று, 75.63 மட்டுமே. மீதி 24.37 டாலர் கப்பலேறிவிடுகிறது. 75.63ஐயும் 24.37ஐயும் கூட்டினால் மறுபடி 100. பணம் எங்கும் மறையவில்லை, எந்த நாட்டில் வருமானமாகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. ஒரு துறையின் தேவை நாட்டுக்குள் எவ்வளவு வருமானத்தைத் தருகிறது என்று அறிய வேண்டுமானால் பார்க்க வேண்டிய எண் இந்த 0.76தான்.

இந்திய அட்டவணைகளைப் பயன்படுத்துவோர் தவறிவிடும் இடமும் இதுவே. மத்தியப் புள்ளியியல் அமைப்பு 1968-69ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் தொடங்கி, சில ஆண்டு இடைவெளிகளில் 2007-08 வரை உள்ளீடு–வெளியீடு அட்டவணைகளை வெளியிட்டது. கடைசி இரண்டும் 130 துறைகள் கொண்டவை. அவற்றில் ஒரு துறை வாங்கும் பொருள், உள்நாட்டில் விளைந்ததா வெளியிலிருந்து வந்ததா என்று கட்டத்துக்குக் கட்டம் பிரிக்கப்படுவதில்லை. இரண்டும் சேர்ந்தே எழுதப்பட்டு, இறக்குமதி மொத்தமாக இறுதித் தேவைப் பக்கத்தில் ஒரே நிரலில் கழிக்கப்படுகிறது. அந்த அட்டவணையை அப்படியே எடுத்து நேர்மாறு கண்டால் என்ன ஆகும்? பெட்ரோலிய சுத்திகரிப்புத் துறையைப் பாருங்கள். அதன் உள்ளீட்டில் மிகப் பெரியது கச்சா எண்ணெய். இந்தியா பயன்படுத்தும் கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி. ஆனால் நேர்மாறு அணிக்கு அது தெரியாது. டீசலுக்குத் தேவை கூடினால் உள்நாட்டு எண்ணெய்க் கிணறுகள் அத்தனையும் இறைத்துத் தரும் என்று அது கணக்குப் போடும். அப்படி வரும் பெருக்கி, ஒரு லிட்டர் டீசலுக்குப் பின்னால் உலகில் எங்கெங்கோ நடந்த உற்பத்தியின் அளவு. இந்தியாவுக்குள் நடந்தது அதில் ஒரு பகுதிதான்.

இதற்கு நடைமுறையில் செய்யும் திருத்தம் எளிமையானது: ஒவ்வொரு பொருளுக்கும் உள்நாட்டில் பயன்படும் மொத்த அளவில் இறக்குமதியின் பங்கைக் கண்டு, அந்தப் பொருளின் நிரையிலுள்ள எல்லாக் கட்டங்களையும் அதே விகிதத்தில் குறைப்பது. எல்லாத் துறைகளும் ஒரே விகிதத்தில் இறக்குமதியைப் பயன்படுத்துகின்றன என்ற அனுமானம் இதில் ஒளிந்திருக்கிறது. ஏற்றுமதிக்கென்றே இயங்கும் ஆலைகள் உள்ள துறைகளில் அது உண்மைக்குத் தூரமாகப் போகலாம். ஆனாலும் திருத்தாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். 2011-12 முதல் வெளியாகும் வழங்கல்–பயன்பாட்டு அட்டவணைகளில் 140 பொருள்களும் 66 தொழில்களும் இருப்பதால், அது சதுர அணியாகவே இல்லை. ஒரு தொழில் பல பொருள்களைச் செய்யும்போது அவற்றின் உள்ளீடுகளை எப்படிப் பிரிப்பது என்ற அனுமானத்தை வைத்து அதைச் சதுரமாக்கிய பிறகே நேர்மாறு காண முடியும்.

இன்னொரு பிழை `f`இல், அதாவது இறுதித் தேவையை எழுதும் இடத்தில் நேர்கிறது. கடையில் 1,000 ரூபாய்க்கு ஒரு சட்டை விற்றால் ஜவுளித் துறையின் கட்டத்தில் 1,000 என்று எழுதிவிடுவார்கள். அந்த ஆயிரத்தில் கடைக்காரரின் இலாபம், லாரி வாடகை, சரக்கு மற்றும் சேவை வரி எல்லாம் அடங்கியிருக்கின்றன. அட்டவணையில் ஜவுளித் துறையின் உற்பத்தி ஆலை வாசலில் உள்ள விலையில் மதிப்பிடப்பட்டிருந்தால், ஆயிரத்தைப் பிரித்து ஆலைக்குரியதை ஜவுளியிலும், கடைக்குரியதை வணிகத்திலும், வண்டிக்குரியதைப் போக்குவரத்திலும் தனித்தனியாக எழுத வேண்டும். வரி எந்தத் துறையின் உற்பத்தியும் அன்று. அது பெருக்கிக்குள் போகக் கூடாது.

அடுத்து, நீங்கள் படித்த இடத்தில் பெருக்கி 3 என்றோ 4 என்றோ இருந்தால், அது நான் மேலே போட்ட கணக்கன்று. குடும்பங்களின் செலவையும் சுழற்சிக்குள் சேர்த்த கணக்கு. கூலியாகப் போன 100 டாலர் வீட்டில் சும்மா இருக்காது, அதைக் கொண்டு அவர்கள் கோதுமையும் துணியும் வாங்குவார்கள், அதனால் மறுபடி உற்பத்தி கூடும் என்பது அதன் வாதம். வாதம் நியாயமானது, ஆனால் அதை எவ்வளவு தூரம் நீட்டுவது என்பதில்தான் சிக்கல். வருமானத்தில் பாதியை மட்டும் குடும்பங்கள் பழைய 110க்கு 150 என்ற விகிதத்தில் செலவிடுகின்றன என்று வைத்தால், முதலில் 50 டாலர் செலவு, அதிலிருந்து 50 டாலர் வருமானம், அதிலிருந்து 25 டாலர் செலவு என்று போய், மொத்தம் 100 டாலர் கூடுதல் நுகர்வு பிறக்கிறது. அந்த நுகர்வுக் கலவையின் பெருக்கி 1.73 ஆதலால் உற்பத்தி இன்னும் 173 டாலர் கூடி, மொத்தப் பெருக்கி 2.04இலிருந்து 3.77க்குத் தாவிவிடுகிறது. அட்டவணையில் ஓர் எண்கூட மாறவில்லை; "பாதி" என்று நாம் சொன்ன ஒரு சொல்தான் இவ்வளவையும் செய்தது.

வருமானம் முழுவதையும் செலவிடுகிறார்கள் என்று வைத்தால் சுழற்சி நிற்கவே நிற்காது: 100 வருமானம், 100 செலவு, மறுபடி 100 வருமானம். கணித மொழியில் சொன்னால் அணிக்கோவை பூஜ்யமாகி நேர்மாறே இல்லாமல் போகும். லியோன்டிஃப் 1941இல் வெளியிட்ட மாதிரி இப்படிக் குடும்பங்களையும் ஒரு துறையாக உள்ளே வைத்து முழுவதும் மூடப்பட்ட ஒன்று. அதனால் துறைகளின் உற்பத்தி ஒன்றுக்கொன்று என்ன விகிதத்தில் இருக்கும் என்று அதனால் சொல்ல முடிந்தது. எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. போர் முடிந்தபின் தேவை மாறினால் எந்தத் தொழில் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டியிருக்கும் என்ற கேள்வி எழுந்த காலத்தில், 1944 வாக்கில், குடும்பங்களின் தேவையை வெளியிலிருந்து தரப்படும் எண்ணாக அவர் பிரித்து வைத்தார். இன்று நாம் பயன்படுத்தும் திறந்த மாதிரி அப்படித்தான் வந்தது. ஆகவே எந்த அறிக்கையில் பெருக்கியைப் பார்த்தாலும், குடும்பங்கள் உள்ளே இருக்கின்றனவா வெளியே இருக்கின்றனவா என்பதை முதலில் தேடுங்கள். அது சொல்லப்படாத அறிக்கையின் எண்ணை வேறோர் அறிக்கையின் எண்ணோடு ஒப்பிடவே முடியாது.

கடைசியாக, சமையல் குறிப்பின் நிலைத்தன்மை. உற்பத்தி கூடும்போது உள்ளீடுகள் அதே விகிதத்தில் கூடும், விலை மாறாது, கூடுதலாகத் தேவைப்படும் ஆளும் நிலமும் இயந்திரமும் சும்மா காத்திருக்கின்றன என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஆலைகள் பாதி நேரம் மூடிக் கிடக்கும் மந்த காலத்தில் துணிக்குத் தேவை கூடினால் இந்த அனுமானம் பெரும்பாலும் பொருந்தும். கோதுமைக்கு அப்படியன்று. அறுவடை முடிந்த பிறகு 100 டாலர் தேவை கூடினால், அடுத்த பருவம் வரை ஒரு புஷல்கூட அதிகம் விளையாது. அப்போது இருப்பு குறையும், அல்லது இறக்குமதி கூடும், அல்லது விலை ஏறி வேறு யாரோ கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுவார்கள். பெருக்கி சொன்ன 57.95 டாலர் ஆலை உற்பத்தியும் நடக்காது, ஏனென்றால் அதை இழுக்க வேண்டிய வேளாண் உற்பத்தியே நகரவில்லை. அப்படிப்பட்ட நிலையில் வேளாண் உற்பத்தியை மாறாத எண்ணாக வைத்து, மற்றத் துறைகளுக்கு மட்டும் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். நம் இரண்டு துறை அட்டவணையில் அப்படித் தீர்த்தால் கூடுதல் உற்பத்தி பூஜ்யம். அந்த 100 டாலர் தேவையை அப்படியே இறக்குமதியோ இருப்போதான் ஈடுகட்ட வேண்டும்.